வழக்கில் கிடக்கும் காணியை வாங்குகிறவர்

கல்குடாவிலோ பாசிக்குடாவிலோ கடலுக்குக் கிட்ட உள்ள ஒரு காணி சந்தை விலையைவிட மிகக் குறைத்து வருகிறதென்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். தரகர் பல வேளைகளில் அந்தக் காரணத்தை மறைப்பதுமில்லை. “அது அவங்கட குடும்பப் பிரச்சினை தம்பி. கேஸ் தன்பாட்டுக்குப் போகும். நீங்க உறுதியை முடிச்சுப்போட்டு வேலியை அடைங்க” என்று வெளிப்படையாகவே சொல்லுவார். வாங்குகிறவரும் கணக்குப் போடுவார்: வழக்கு அவர்களுக்குள், நான் காசு கொடுத்து, நொத்தாரிசு முன்னால் எழுதி, பதிந்து வாங்குகிறேன், என்னை யார் என்ன செய்ய முடியும்?

இந்தக் கணக்குத்தான் பிழை. நம் நாட்டுச் சட்டத்தில், குடும்பக் காணி பிரிவிடல் வழக்கில் இருக்கும்போது அதிலுள்ள பிரிபடாத பங்கை வாங்குகிறவர், வழக்கோடு சேர்ந்த காணியை வாங்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் எதையும் வாங்கவே இல்லை.

2009இல் போர் முடிந்து, பாசிக்குடாக் கரையில் ஹோட்டல்கள் எழும்பத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்துக் காணிகளின் பெறுமதி மாறிவிட்டது. அதுவரை தென்னையும் வெறும் மணலுமாகக் கிடந்த துண்டுகளுக்குக் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆள் வந்து விலை கேட்டது. அதே காலத்தில் அந்தக் காணிகளின் உரித்தாளர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தார்கள். இடப்பெயர்விலும் 2004 ஆழிப்பேரலையிலும் வீட்டிலிருந்த உறுதிகள் போய்விட்டன. ஊரில் நின்ற ஒரு பிள்ளை காணியைப் பார்த்துக்கொண்டது. வெளியில் இருந்த பிள்ளைகள் தங்கள் பங்கை மறக்கவில்லை. பெறுமதி ஏறியதும் வழக்கு வந்தது.

என்ன நடக்கிறது என்று அறிய, கற்பனைக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்குடாவில் ஓர் ஏக்கர், அதாவது 160 பேர்ச் காணி. தகப்பன் பெயரில் உறுதி இருக்கிறது. அவர் மரண சாசனம் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இங்கே முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமை மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. ஒருகாலத்தில் இப்பகுதியில் தாய்வழியாகச் சொத்தை இறக்கிய முக்குவர் சட்டம் இருந்தது. அதன் இடத்தை 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பிடித்துவிட்டது. இந்தப் பொதுச் சட்டப்படி, இறந்தவரின் சொத்தில் அரைவாசி உயிரோடிருக்கும் துணைக்கு. மீதி அரைவாசி பிள்ளைகளுக்குச் சம பங்கு. ஓட்டமாவடி, வாழைச்சேனை முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே பங்குகள் வேறு விதமாகப் பிரியும்.

ஆகவே நமது குடும்பத்தில் தாய்க்கு 80 பேர்ச், பிள்ளைகள் நால்வருக்கும் தலா 20 பேர்ச். ஆனால் சட்டம் மாறினாலும் ஊர் வழக்கம் முழுதாக மாறவில்லை. மட்டக்களப்பில் இன்றும் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போவதுதான் நடைமுறை. இந்தத் தாயும் தன் 80 பேர்ச்சைக் கடைசி மகளுக்குச் சீதன உறுதியாக எழுதிப் பதிந்துவிட்டு, சில வருடங்களில் இறந்துபோகிறார். இப்போது கடைசி மகளுக்கு 100 பேர்ச். மற்ற மூவருக்கும் 20 பேர்ச்படி.

காணியில் நிற்பவர் மூத்த மகன். அவர் வாங்க வருகிறவரிடம் சொல்லும் கதை வேறு: “அப்பாவும் அம்மாவும் இல்லை. நாங்க நாலு பேர். என்ட பங்கு 40 பேர்ச்.” கேட்பதற்கு நேர்மையான கணக்காகத்தான் இருக்கிறது, சீதன உறுதி ஒன்று இருப்பது தெரியாதவருக்கு அதில் ஓட்டை தெரியாது. இன்னும் துணிந்த மூத்தவராக இருந்தால், “மற்றவங்க வெளிநாடு போய் இருபது வருஷம். நான்தான் ஆண்டு வாறன். முழுக்காணியும் எனக்குத்தான்” என்று தானே ஒரு பிரகடன உறுதியையும் எழுதி வைத்திருப்பார்.

அந்த இருபது வருடக் கதை நீதிமன்றத்தில் இலேசில் நிற்காது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பத்து வருட எதிரிடை ஆட்சியைக் கேட்கிறது. ஆனால் கூட்டுரிமையாளர் ஒருவர் காணியில் இருப்பது மற்றவர்களுக்காகவும் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று கோரியா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கில் லண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. வெறுமனே தேங்காய் பறித்ததும் வேலி அடைத்ததும் போதாது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களை வெளியேற்றியதாகக் காட்ட வேண்டும், அல்லது அப்படி நடந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஊகிக்கும் அளவுக்குச் சூழ்நிலைகள் இருக்க வேண்டும்.

இனி வழக்குக்கு வருவோம். கடைசி மகள் லண்டனிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பி, மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவிடல் வழக்குப் போடுகிறார். ஊர்ப்பேச்சில் பாட்டிசன் கேஸ். பிராதோடு சேர்த்து, இந்தக் காணிமீது வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று காணிப் பதிவகத்தில் பதியும் விண்ணப்பத்தையும் கொடுக்க வேண்டும். சட்டத்தரணிகள் இதை ‘லிஸ் பென்டன்ஸ்’ என்பார்கள். மார்ச் மாதம் அது மட்டக்களப்பு காணிப் பதிவகத்தில் பதியப்படுகிறது. ஜூலையில் மூத்த மகன் தன் ‘40 பேர்ச்சை’ விற்கிறார். கணக்குக்காகப் பேர்ச் ஒரு இலட்சம் என்று வைத்தால், நாற்பது இலட்சம் கை மாறுகிறது.

வாங்கியவருக்கு 40 பேர்ச் கிடைக்காது. அது மூத்தவரிடம் ஒருபோதும் இருக்கவில்லை. சரி, அந்த 20 பேர்ச்சாவது? அதுவும் இல்லை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் 66ஆம் பிரிவு, வழக்கு முறைப்படி பதியப்பட்ட பிறகு, அது முடியும்வரை, அந்தக் காணியின் பிரிபடாத பங்கு எதையும் தன் விருப்பத்தில் விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்கிறது. மீறிச் செய்தால் அந்தச் சாதனம் வெறிது. ஒரேயொரு விலக்கு: வழக்குத் தள்ளுபடியானால் அந்த விற்பனை செல்லுபடியானதாகக் கொள்ளப்படும். தரகர் “கேஸ் நிற்காது” என்று சொல்வதன் முழு அர்த்தமும் இந்த விலக்கில்தான் தொங்குகிறது. நாற்பது இலட்சத்தை ஒரு வழக்குத் தள்ளுபடியாகும் என்ற நம்பிக்கையில் கட்டுவது காணி வாங்குதல் ஆகாது, அது பந்தயம்.

தமிழ்நாட்டில் காணி வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்துப் பரிமாற்றச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் வழக்கு நடக்கையில் வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அங்கே விற்பனை வெறிதாவதில்லை. வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறார், அவ்வளவுதான். விற்றவர் வென்றால் இவருக்கும் பங்குண்டு. நம் நாட்டில் காணி உரித்துப் பற்றிய மற்ற வழக்குகளில் நிலைமை ஏறத்தாழ அப்படித்தான். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, வழக்கு முறைப்படி பதியப்பட்டிருந்தால், அதன் பிறகு விலை கொடுத்து வாங்கியவரைத் தீர்ப்புக் கட்டுப்படுத்தும். பிரிவிடல் வழக்கில் மட்டும் சட்டம் ஒரு படி மேலே போய் விற்பனையையே அழித்துவிடுகிறது.

இது ஏன் இவ்வளவு கடுமை? பிரிவிடல் வழக்கில் நீதிமன்றம் இருவருக்கிடையிலான சண்டையைத் தீர்ப்பதில்லை. இந்தக் காணியில் யாருக்கெல்லாம் எத்தனை பங்கு என்று ஒவ்வொருவரின் உரித்தையும் ஆராய்ந்து, நில அளவையாளரைக் கொண்டு துண்டு போட்டு, ஒவ்வொருவருக்கும் தனிக் காணி கொடுக்கிறது. வழக்கு பத்துப் பதினைந்து வருடங்கள் இழுபடுவது இங்கே புதினமில்லை. அந்தக் காலத்தில் பங்குகள் கைமாறிக்கொண்டே இருந்தால் எதிராளிகளின் பட்டியல் முடிவதேயில்லை. வழக்கு ஒருநாளும் முடியாது. அதனால்தான் சட்டம் ஆட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது.

இந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. கான் பாய் எதிர் பெரேரா என்ற 1923ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. அப்போது நடைமுறையில் இருந்த 1863ஆம் ஆண்டின் பழைய பிரிவிடல் கட்டளைச் சட்டமும் இதே தடையைத்தான் வைத்திருந்தது. தடை இருப்பது இன்று கையிலுள்ள பிரிபடாத பங்கை விற்பதற்கு. வழக்கின் முடிவில் தனக்கு எது ஒதுக்கப்படுமோ அதை முன்கூட்டியே விற்க ஒருவருக்குத் தடையில்லை என்றது அந்தத் தீர்ப்பு.

ஆகவே மூத்த மகனின் உறுதி “எனக்குரிய பிரிபடாத கால் பங்கு” என்று எழுதப்பட்டால் வெறிது. “இவ்விலக்க வழக்கின் இறுதித் தீர்ப்பாணையில் எனக்கு ஒதுக்கப்படும் காணி” என்று எழுதப்பட்டால் அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அப்படி வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்று யோசிக்க வேண்டும். ஒதுக்கப்படுவது 20 பேர்ச்சாக இருக்கலாம். வீதிப் பக்கமாக இல்லாமல் பின்பக்கத்துப் பள்ளக் காணியாக இருக்கலாம். துண்டு போட்டால் யாருக்கும் பயன்படாது என்று நீதிமன்றம் காணியையே ஏலத்தில் விற்கச் சொல்லி, மூத்தவருக்கு அவர் பங்குக்கான காசு மட்டும் கிடைக்கலாம். பத்து வருடம் காத்திருக்கவும், 40க்குப் பதில் 20 கிடைத்தாலும் தாங்கவும் கூடிய விலைக்கு மட்டுமே அந்தக் கதவால் நுழையலாம். அப்படி வாங்கினாலும், தீர்ப்பாணை வந்த பிறகு விற்றவரிடமிருந்து உறுதிப்படுத்தும் உறுதி ஒன்றை எழுதி வாங்கிக்கொள்வது புத்தி.

வழக்குக்கு முன்பே வாங்கியவர் பாதுகாப்பாக இருக்கிறாரா? பலர் ஆம் என்றே நினைக்கிறார்கள். இங்கேதான் இரண்டாவது குழி. அதே 20 பேர்ச்சை வழக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பே ஒருவர் வாங்கி, உறுதியைப் பதியாமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் கட்டாருக்குப் போயிருக்கிறார் என்று வைப்போம். வழக்காளியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடித்தான் எதிராளிகளின் பட்டியலைத் தயாரிக்கிறார். பதியாத உறுதி அந்தத் தேடலில் வராது. நில அளவையாளர் காணிக்கு வரும் நாளில் தன் உரிமையைச் சொல்லவும் அவர் ஊரில் இல்லை.

வழக்கு முடிந்தால், பிரிவிடல் சட்டத்தின் 48ஆம் பிரிவு வேலையைக் காட்டும். அந்தத் தீர்ப்பாணை வழக்கில் இருந்தவர்களை மட்டுமல்லாமல் எல்லோரையும் கட்டுப்படுத்தும் இறுதி உரித்து. நடைமுறையில் குறை இருந்தது, இன்ன ஆள் விடுபட்டார் என்று சொல்லி அதை அசைப்பது மிகக் கடினம். விடுபட்டவருக்குச் சட்டம் நட்டஈடு கேட்க வழி வைத்திருக்கிறது. காணி திரும்பி வராது. பதிந்திருந்தால் அவரும் ஓர் எதிராளியாகச் சேர்க்கப்பட்டிருப்பார். தெரிய வந்தவுடன், தீர்ப்புக்கு முன்னர், தன்னைச் சேர்க்கும்படி மன்றத்தைக் கேட்டிருந்தாலும் தப்பியிருப்பார்.

அப்படியானால் வாங்குகிறவர் எப்படிக் கண்டுகொள்வது? பதில் காணிப் பதிவகத்திலுள்ள ஃபோலியோவில் இருக்கிறது. ஒரு காணிக்குரிய பதிவுப் பக்கம் அது. கொடுத்தவர் பெயர் ஒரு நிரல், வாங்கியவர் பெயர் ஒரு நிரல், என்ன வகைச் சாதனம் என்பது ஒரு நிரல், உறுதி இலக்கமும் திகதியும் ஒன்று, நொத்தாரிசின் அல்லது நீதிமன்றத்தின் பெயர் ஒன்று. தாயின் சீதன உறுதியும் இங்கே ஒரு வரியாக நிற்கும். லண்டன் மகளின் வழக்கும், வழக்கிலக்கத்தோடு, அதற்குக் கீழே ஒரு வரியாக நிற்கும். நாற்பது இலட்சத்தைக் காப்பாற்ற இந்த இரண்டு வரிகள் போதும்.

ஃபோலியோவை வாசிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பக்கம் நிரம்பியதும் பதிவு வேறு புத்தகத்தின் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகப்படும். தரகர் காட்டும் பழைய பிரதி சுத்தமாக இருக்கும். வழக்கு அடுத்த பக்கத்தில் இருக்கும். ஆகவே கடைசிப் பக்கம் எது என்று கண்டு அதுவரை போக வேண்டும். பெரிய காணியிலிருந்து பிரிந்த துண்டென்றால் தாய்க் காணியின் ஃபோலியோவையும் எடுக்க வேண்டும். வழக்கு முழுக்காணிமீதும் போடப்பட்டிருக்கலாம். போன மாதம் தேடியது போதாது; உறுதியில் கையெழுத்து வைக்கும் நாளன்று மறுபடி பார்க்க வேண்டும். பிராது கொடுத்த நாளுக்கும் அது பதியப்பட்ட நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அதைப் பிடிக்க மாவட்ட நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விற்பவரின் பெயரில் ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று விசாரிப்பதும், காணியில் போய் நின்று இரண்டு பக்கத்து அயலவரிடமும் கேட்பதும் தவிர வேறு வழியில்லை.

உறுதி தொலைந்துவிட்டது என்ற கதையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இணைப்பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். வீட்டிலிருந்த மூலத்தைக் கடல் கொண்டுபோயிருந்தாலும், அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பதிவகத்தில் கேட்கலாம். “எல்லாம் சுனாமியில போயிற்று” என்று சொல்லும் விற்பனையாளர் அந்தப் பிரதியை எடுத்துத் தர மறுத்தால், அதுவே ஒரு பதில். அந்தக் காணிமீது வங்கி கடன் தருமா என்று கேட்பதும் நல்ல சோதனை. வங்கியின் சட்டத்தரணி ஃபோலியோவைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கமாட்டார்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நொத்தாரிசு இருக்கும்போது இதையெல்லாம் வாங்குகிறவர் ஏன் தேட வேண்டும்? காணி உறுதி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் செல்லாது என்று 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்தின் 31ஆம் பிரிவும், காணி உறுதி எழுதுவதற்கு முன் பதிவகத்தில் தேடி உரித்தின் நிலையை அறிய வேண்டும் என்று அவருக்குக் கடமை விதிக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது: தரப்பினர் எழுத்தில் கேட்டுக்கொண்டால் தேடல் கட்டாயமில்லை.

அந்த விலக்குத்தான் வழக்கில் கிடக்கும் காணிகள் விலைபோகும் வழி. வாங்குகிறவர் அவசரத்தில் இருக்கிறார். லீவு முடிந்து அடுத்த கிழமை விமானம் ஏற வேண்டும். விற்பவர் இன்றே முடிக்கச் சொல்கிறார். தேடுவதென்றால் மட்டக்களப்புக்குப் போக வேண்டும், நாள் பிடிக்கும். நீட்டிய கடதாசியில், தேடல் தேவையில்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்து விழுகிறது. அந்தக் கையெழுத்து என்ன செய்கிறது என்று அவருக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. பின்னர் வழக்குப் பதிவு தெரிய வரும்போது நொத்தாரிசு தன் பக்கத்தைக் காட்டிவிடுவார். காசு கேட்டுப் போனால் விற்றவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. கண்டுபிடித்தாலும் அதற்கு இன்னொரு வழக்கு.

தேட வேண்டியது தன் பொறுப்பு என்று வாங்குகிறவருக்குப் புத்தி சொல்வது எளிது; நானும் மேலே அதைத்தான் சொன்னேன். ஆனால் வெறிதாகப் போகும் உறுதி ஒன்றை எழுதவும் பதியவும் முத்திரைவரி வாங்கவும் அரசின் கதவுகள் திறந்திருக்கும்போது, பிழை முழுவதையும் அவர் தலையில் போடுவது நியாயமாகாது. பிரிவிடல் வழக்குப் பதிந்த காணியின் பங்கு உறுதியொன்றைப் பதிவாளரிடம் கொண்டுபோனால், எதிரில் உள்ள ஃபோலியோவிலேயே வழக்கு இருக்கிறது.

இரண்டு திருத்தங்கள் போதும். முதலாவது, 31ஆம் பிரிவிலுள்ள விலக்கை நீக்கி, கையெழுத்து நாளில் எடுத்த ஃபோலியோப் பிரதியைக் காணி விற்பனை உறுதியின் பகுதியாகவே இணைக்கச் செய்ய வேண்டும். அதற்கு மேலதிகச் செலவு ஒரு பிரதிக்கான கட்டணமும் சில நாள் தாமதமும்தான். இரண்டாவது, வழக்குப் பதியப்பட்ட காணியின் உறுதி பதிவுக்கு வந்தால், இந்தக் காணியில் இன்ன இலக்க வழக்கு நிலுவையில் உள்ளது, 66ஆம் பிரிவு பொருந்தும் என்று பதிவாளர் வாங்கியவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். காசு கைமாறிய பிறகுதான் அந்த அறிவித்தல் வரும் என்றாலும், அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னர், விற்றவர் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னர் வரும்.

இவை நடக்கும்வரை, கல்குடாவில் காணி வாங்குகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே. தேடல் வேண்டாம் என்று எழுதிய கடதாசியை யார் நீட்டினாலும் கையெழுத்து வைக்கக் கூடாது. தேடும்வரை காத்திருக்க மறுக்கிற விற்பனையாளரிடம் வாங்குவதற்கு எதுவும் இல்லை.